ஏற்றக் குழாயில் காற்று அடைப்பும் ஏர் வால்வும்: கேள்வி பதில்

பம்ப் ஆப்பரேட்டர்: உள்விட்டம் 100 மி.மீ., நீளம் 2,400 மீட்டர், தொட்டியில் தண்ணீர் விழும் வாய் பம்பை விட 40 மீட்டர் உயரம். வினாடிக்கு 6 லிட்டர் வரணும், 4தான் வருது. பம்ப் புதுசு. கேஜில் 6 கிலோ காட்டுது. குழாய்க்குள்ளே கல்லா, காற்றா?

காற்றாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் காற்றை வெளியே விடும் ஏர் வால்வு வாங்கப் போகுமுன் கேஜை வைத்தே உறுதி செய்துகொள்ளலாம்.

கணக்கை முதலில் பாருங்கள். 1 கிலோ அழுத்தம் என்பது ஏறத்தாழ 10 மீட்டர் உயர நீர். உங்கள் குழாயில் 6 லிட்டர் போனால் உராய்வுக்கு சுமார் 15 மீட்டர் போகும். 40-ஐச் சேர்த்தால் 55, கேஜில் 5.5 கிலோ. 4 லிட்டர் மட்டும் போகும்போது உராய்வு சுமார் 7 மீட்டர்தான், கேஜ் 4.7 காட்ட வேண்டும். 6 காட்டுகிறது. இடையில் 13 மீட்டர் எங்கோ தொலைகிறது.

அது தொலையும் இடம் மேட்டைத் தாண்டிய இறக்கம். உச்சியில் சேரும் காற்றைத் தண்ணீர் தள்ளிக்கொண்டுபோய் இறங்கும் பக்கத்தில் நிறுத்தி வைக்கிறது. அங்கே குழாய் நிரம்பி ஓடாது. அடிப்பக்கத்தில் மட்டும் தண்ணீர் வாய்க்கால் போல வழிந்து இறங்கும், மேலே காற்று. அப்படி இறங்கும் உயரத்தில் ஒரு மீட்டர்கூடத் திரும்பக் கிடைக்காது. பம்ப் அந்த உயரத்தைத் தண்டமாகத் தூக்க வேண்டும், ஒவ்வொரு மேட்டிலும் தனித்தனியாக.

இப்போது சோதனை. கேஜ், தண்ணீரைத் திரும்ப விடாத நான்-ரிட்டர்ன் வால்வுக்கும் குழாய்க்கும் நடுவில் இருக்க வேண்டும். பம்பை நிறுத்துங்கள். ஊசி ஆடி அடங்கியதும் படியுங்கள். குழாய் முழுக்கத் தண்ணீர் என்றால் 4.0 கிலோவில் நிற்கும். கல்லோ, பாதி மூடிய வால்வோ ஓட்டம் இருக்கும்போதுதான் அழுத்தத்தைத் தின்னும். ஓட்டம் நின்றால் அதற்கு வேலையில்லை, அப்போதும் 4.0தான். காற்று இருந்தால் மட்டும்தான் ஓட்டம் நின்ற பிறகும் கேஜ் 5.3 பக்கம் காட்டும், அந்த 13 மீட்டரைச் சுமந்தபடி. நான்-ரிட்டர்ன் வால்வு ஒழுகினால் ஊசி மெல்ல 4.0-க்கு இறங்கிவிடும், அதனால் தாமதிக்காமல் படியுங்கள்.

5.3 வந்தால் குழாய் போகும் வழியை லெவல் எடுத்துப் பாருங்கள். உதாரணமாக 700-ஆவது மீட்டரில் ஒரு மேடு, அதற்கப்பால் 9 மீட்டர் இறக்கம். 1,500-ல் இன்னொன்று, 6 மீட்டர் இறக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்தால் 15. அதில் 13 போயிருக்கிறது என்றால் இரண்டு இறக்கங்களும் ஏறக்குறைய அடிவரை காற்று. இரண்டுக்கும் வால்வு வேண்டும், ஒன்று போதாது.

விவசாயி: எங்க நிலம் தட்டை ஐயா. மேடே கிடையாது. வால்வை எங்கே வைக்கிறது?

கண்ணுக்குத் தட்டை, குழாய்க்கு அல்ல. சிறுபாலத்தைத் தாண்டக் குழாயைத் தூக்கியிருப்பார்கள், பாறை வந்த இடத்தில் பள்ளம் ஆழம் குறைந்திருக்கும். முதுகு ஒரு குழாய் விட்டம் அளவுக்கு எழும்பினாலே காற்று தங்கும், ஆனால் அது தின்னும் உயரம் சிறியது. பெரிய இறக்கம் உள்ள இடங்களை முதலில் கவனியுங்கள்.

உச்சியில் குழாயில் டீ இணைப்பு போடுங்கள். உச்சி சரியாகப் பிடிபடவில்லை என்றால் ஓட்டம் போகும் பக்கம், இறக்கம் தொடங்கும் தோளில். ஏறும் பக்கம் வைத்தால் காற்று அங்கே நிற்காது, வால்வு சும்மா இருக்கும். 100 மி.மீ. குழாய்க்கு 50 மி.மீ. வாயுள்ள டீயாவது வேண்டும். சேடில் போட்டு 12 மி.மீ. துளை போட்டால் குமிழி அதைத் தாண்டி ஓடிவிடும். டீயின் மேல் ஒரு பால் வால்வு, அதன் மேல் ஏர் வால்வு, நிமிர்ந்து நேராக. அந்தப் பால் வால்வைத் திறந்தே வையுங்கள்.

இன்னொருவர்: வீட்டுக் குழாயைத் திறந்தா புஸ்ஸுனு காத்து வருது, அப்புறம்தான் தண்ணி. இதுக்கும் இந்த வால்வா?

இல்லை. இங்கே பேசுவது பம்பிலிருந்து தொட்டிக்குப் போகும் குழாய். உங்கள் ஊர்க் குடிநீர் ஊழியரிடம் விநியோக நேரத்தைக் கேளுங்கள்.

குழாய் பொருத்துநர்: அண்ணே, வேகம் நல்லா இருந்தா காற்றைத் தண்ணியே அடிச்சுட்டுப் போயிடும். வால்வே வேண்டாம். வால்வு வச்சாத்தான் ஒழுகும், திருடு போகும்.

பாதி சரி. 100 மி.மீ. குழாயில் வேகம் வினாடிக்கு 0.6 முதல் 0.9 மீட்டர் போனால் சாய்வைப் பொறுத்து காற்று வெளியேறக்கூடும். குழாய் பெரிதானாலும் இறக்கம் செங்குத்தானாலும் இன்னும் வேகம் தேவை. மேலே சொன்ன குழாயில் 6 லிட்டருக்கு வேகம் 0.76. போதுமென்று தோன்றும். ஆனால் காற்று ஒருமுறை உட்கார்ந்ததும் ஓட்டம் 4 லிட்டராகிறது, வேகம் 0.51. தள்ள வேண்டிய வேகத்தையே காற்று பறித்துவிட்டது.

பொருத்துநர்: அப்போ முதல் நாளே ஃபுல் வேகத்துல ஓட்டினா?

காலிக் குழாயை முழு வேகத்தில் நிரப்பாதீர்கள். காற்று பாய்ந்து வெளியேறி முடிந்த நொடியில் ஏர் வால்வு அடைத்துக்கொள்ளும், பின்னால் வரும் தண்ணீர் மோதி டீயை உடைக்கும். கேட் வால்வை நெரித்து வினாடிக்கு 0.3 மீட்டர் வேகத்தில் நிரப்புங்கள். உங்கள் அளவில் அது 2.4 லிட்டர். அதன் பிறகும் தண்ணீரில் கரைந்த காற்று பிரியும், உறிஞ்சு பக்கம் ஒழுகினால் தினமும் புதுக் காற்று ஏறும். முதல் நாளோடு தீராது.

பொருத்துநர்: அப்போ மேட்டுல ஒரு கை காக். வாரம் ஒரு தடவை திறந்து விட்டாப் போச்சு. செலவும் இல்லை.

திறக்க ஆள் வரும்வரை வேலை செய்யும். ஆள் மாறினால் நிற்கும்.

பம்ப் ஆப்பரேட்டர்: எங்க லைன்ல காக்தான் இருக்கு, ரெண்டு நாள்ல திரும்பக் குறையுது.

இரண்டே நாளில் நிரம்பினால் காற்று வரும் வழியைத் தேடுங்கள்: ஃபுட் வால்வு, உறிஞ்சு குழாய் இணைப்பு, கிணற்றில் நீர்மட்டம் தாழ்ந்து சுழல் விழுகிறதா. சிறிய லைனுக்குக் காக் போதுமா என்பதில் பொருத்துநரோடு நான் முழுக்கச் சண்டை போட மாட்டேன். பொறுப்பான ஆள் இருந்தால் ஓடும். 2 கிலோமீட்டருக்கு அப்பால் காட்டுக்குள் இருக்கும் மேட்டுக்கு நான் ஒப்பமாட்டேன்.

புதியவர்: எங்களுக்கும் தண்ணீர் குறையுது. மோட்டார் ஹெச்.பி. கூட்டலாமா?

முதல் பதிலைப் பாருங்கள். பம்பை நிறுத்திக் கேஜைப் படியுங்கள், பிறகு பேசலாம்.

மற்றொருவர்: ஏர் வால்வு இருக்கு சார். ஆனாலும் குறையுது. பந்து உள்ளே நல்லா இருக்கு.

பெரிய துளை மட்டும் உள்ள வகையாக இருக்கும். நிரப்பும்போது காற்றை விடும், காலி செய்யும்போது உள்ளே இழுக்கும். ஒருமுறை அழுத்தம் ஏறி அடைத்தால், பின்னால் காற்று சேர்ந்தாலும் பந்து கீழே விழாது. அழுத்தமே அதை மேலே ஒட்டி வைத்திருக்கும். ஓடும்போது காற்றை விடுவது சிறுதுளைதான். அதற்கும் அளவு உண்டு. 6 கிலோ அழுத்தத்தில் 2 மி.மீ. துளையை அழுத்தம் பிடித்திருக்கும் விசை 0.19 கிலோ. 5 மி.மீ. என்றால் 1.2 கிலோ, அதைப் பிரித்துத் திறக்க மிதவையின் எடையோ நெம்புகோலோ போதாமல் போகலாம். வாங்கும்போது அந்த மேட்டில் உள்ள அழுத்தத்தைச் சொல்லி வாங்குங்கள். பம்பில் உள்ளதை அல்ல.

அவரே: வால்வுல எப்பவும் சொட்டுது. அதனால கீழே இருக்கிற பால் வால்வை மூடி வச்சிருக்கோம்.

அப்போது உங்களிடம் வால்வே இல்லை. மூடியபடியே மேல் மூடியைக் கழற்றி, இருக்கையில் மணல் இருக்கிறதா பாருங்கள், ரப்பரைத் துடையுங்கள், வெட்டு விழுந்திருந்தால் மாற்றுங்கள். சுத்தமாக இருந்தும் சொட்டினால், மேட்டில் அழுத்தம் இரண்டு மூன்று மீட்டருக்குக் கீழே இருக்கிறதா என்று பாருங்கள். அவ்வளவு குறைந்த அழுத்தத்தில் பல வால்வுகள் இறுகாது, அதற்கென வரும் மெது ரப்பர் இருக்கை தேவை. வேலை முடிந்ததும் பால் வால்வைத் திறந்துவிட்டுத்தான் அங்கிருந்து கிளம்ப வேண்டும்.