வீட்டில் ஓடும் கேமரா, வெளியே போனால் ஏன் திக்குகிறது?

கேள்வி: புரசைவாக்கத்தில் கடை, 6 கேமரா, எல்லாம் 4 மெகாபிக்சல். கடை ஃபைபர் லைனுக்குப் பப்ளிக் ஐ.பி. இல்லை. அம்பத்தூர் வீட்டுக் கேபிள் லைனுக்கு ஸ்டாடிக் ஐ.பி. இருப்பதால் அங்கே வயர்கார்டு விபிஎன் வைத்து, கடை ரூட்டரை அதில் இணைத்திருக்கிறோம். வீட்டில் 6 படமும் ஜோராக ஓடுகிறது. வெளியே போய் மொபைல் டேட்டாவில் திறந்தால் சுற்றிக்கொண்டே இருக்கிறது. வீட்டு லைன் 50 எம்பிபிஎஸ். கடை லைனைப் பெரிதாக்கலாமா?

பதில்: கடை லைனில் கை வைக்காதீர்கள், காசுதான் வீண். நீங்கள் வீட்டில் உட்கார்ந்து பார்க்கும்போது படம் வீட்டு லைனுக்குள் வருகிறது, அது டவுன்லோட். வெளியே இருக்கும்போது அதே படம் கடையிலிருந்து வீட்டுக்கு வந்து, வீட்டிலிருந்து மறுபடி உங்கள் போனுக்குக் கிளம்புகிறது. இந்த இரண்டாம் பாதி முழுக்க வீட்டு அப்லோட். 50 என்று விளம்பரத்தில் போடுவது டவுன்லோட் கணக்கு. கோஆக்சியல் கேபிள் வழி வரும் லைன்களில் அப்லோட் பெரும்பாலும் அதில் சிறு பங்குதான்.

வீட்டு ரூட்டரில் லேப்டாப்பை வயர் போட்டு இணைத்து ஸ்பீடு டெஸ்ட் எடுங்கள். அப்லோட் 5 என்று வந்தால் கணக்கு இப்படி: 4 மெகாபிக்சல் கேமரா H.264-இல் நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் சுமார் 4 எம்பிபிஎஸ் கேட்கும். ஆறுக்கு 24. விபிஎன் உறை வேறு கொஞ்சம் கூடும். 5-க்குள் 24 நுழையாது.

அது மட்டும்தான் காரணமா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வெளியிலிருந்து ஒரே ஒரு கேமராவைத் திறங்கள். ஒன்று ஓடி, இரண்டாவதைத் திறந்ததும் இரண்டுமே திக்கினால் அப்லோட்தான். குறைந்த தரத்தில் ஒற்றைப் படம்கூட வரவில்லை, ஆனால் பிங் மட்டும் போகிறது என்றால் வேறு வியாதி: பாக்கெட் அளவு. போனில் வயர்கார்டு செட்டிங்கில் `MTU` இடத்தில் 1280 போட்டுப் பாருங்கள்.

இனி வைத்தியம். படங்களைப் பதிவு செய்யும் என்விஆர் பெட்டியில் ஒவ்வொரு கேமராவுக்கும் `Main Stream`, `Sub Stream` என்று இரண்டு இருக்கும். ஹார்டு டிஸ்கில் வழக்கமாகப் பதிவாவது மெயின். அதன் பிட்ரேட்டைக் கண்டபடி குறைத்தால், நாளைக்குக் கல்லாவில் கை வைத்தவன் முகம் பதிவிலும் தெளியாது. இந்தத் தப்பைத்தான் நிறையப் பேர் செய்கிறார்கள். சப் ஸ்ட்ரீமை மட்டும் மாற்றுங்கள்: 640×360, நொடிக்கு 12 ஃபிரேம், அதிகபட்சம் 384 கேபிபிஎஸ், ஐ-ஃபிரேம் இடைவெளி 24. ஆறும் சேர்ந்து 2.3 எம்பிபிஎஸ்தான். போன் ஆப்பில் ஆறு படத்தையும் சப் ஸ்ட்ரீமில் வைத்து, ஆளை உற்றுப் பார்க்க வேண்டியபோது அந்த ஒன்றை மட்டும் பெரிதாக்கி மெயினுக்கு மாற்றுங்கள். கேமராவும் என்விஆரும் H.265 தாங்கினால் மெயினையும் அதற்கு மாற்றலாம். ஏறக்குறைய அதே தரம், கிட்டத்தட்ட பாதி பிட்ரேட்.

அடுத்து போனில் இருக்கும் விபிஎன் கோப்பு. `AllowedIPs` வரியில் `0.0.0.0/0` இருந்தால், நீங்கள் பார்க்கும் யூடியூப்கூட வீட்டுக்குப் போய்த்தான் திரும்பும், அதே அப்லோடைத் தின்றுகொண்டு. கடை நெட்வொர்க் 192.168.20.x, விபிஎன் 10.8.0.x என்றால் இப்படி இருக்கட்டும்:

```
AllowedIPs = 10.8.0.0/24, 192.168.20.0/24
```

இவ்வளவும் செய்தபின் பெரும்பாலும் செலவு தேவைப்படாது. மாலையில் வீட்டுப் பிள்ளைகள் போட்டோவை கிளவுடுக்கு ஏற்றும் நேரத்தில் மட்டும் திக்கினால், ரூட்டரில் விபிஎன்னுக்கு முன்னுரிமை கொடுங்கள்.

அப்போதும் போதவில்லை என்றால் வீட்டுக் கேபிளை ஃபைபருக்கு மாற்றுவதுதான் நேர்வழி. ஃபைபரில் அப்லோடும் டவுன்லோடும் ஒரே அளவாகத் தரும் பிளான்கள் நிறைய உண்டு. பணம் கட்டுமுன் அப்லோட் எவ்வளவு, ஸ்டாடிக் ஐ.பி. கூடவே வருமா என்ற இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். ஸ்டாடிக் ஐ.பி.யைக் கடை லைனுக்கே வாங்க முடிந்தால் இன்னும் நல்லது. விபிஎன்னைக் கடை ரூட்டரிலேயே வைத்துவிடலாம், வீடு நடுவில் வராது. ஸ்டாடிக் ஐ.பி.க்கு வாடகை கட்ட மனமில்லை என்றால், கடை லைனில் ஐபிவி6 வருகிறதா என்று ரூட்டரில் பாருங்கள். வந்தால் போன் நேராகக் கடைக்கே இணையலாம். ஆனால் முகவரி மாறக்கூடும் என்பதால் டைனமிக் டிஎன்எஸ் வேண்டும், ரூட்டர் ஃபயர்வாலில் யுடிபி 51820-ஐத் திறக்கவும் வேண்டும். ஐபிவி6 இல்லாத வைஃபையில் இருக்கும்போது அது இணையாது. அதற்காகப் பழைய வீட்டு விபிஎன்னை அழிக்காமல் போனில் இரண்டாவது சுரங்கமாக வைத்திருங்கள்.