நெல்லிப் பொடி: வைட்டமின் சி பாதி, ஆண்டிஆக்ஸிடன்ட் பல மடங்கு

கேள்வி: நெல்லிக்காயை நறுக்கிக் காயவைத்துப் பொடி செய்கிறேன். அயோடின் டைட்ரேஷனில் 100 கிராமுக்கு 1,400 மி.கி. வைட்டமின் சி வந்தது. அதே பொடிக்கு எச்.பி.எல்.சி. முறையில் 700 மி.கி.தான். ஆண்டிஆக்ஸிடன்ட் அளவோ மிக அதிகம். டானின் வைட்டமினைக் காக்கும் என்கிறார்களே, எதை நம்புவது?

பதில்: வைட்டமினுக்கு 700-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அயோடினுக்கு ஆளடையாளம் தெரியாது. எலக்ட்ரானை எளிதாகத் தரும் பல பொருள்களோடும் அது வினைபுரியும். நெல்லியின் துவர்ப்பான டானின்களும் அதில் சேர்ந்து கணக்கை உயர்த்திவிடுகின்றன. எச்.பி.எல்.சி. ஒவ்வொரு பொருளையும் பிரித்து அளக்கும். அதிலும் நெல்லியின் காலேட் சேர்மங்கள் வைட்டமின் சி-யோடு ஒரே இடத்தில் வெளிவந்து ஏமாற்றக்கூடும் என்பதால், இரண்டும் தனித்தனியாகப் பிரிந்தனவா என்று ஆய்வகத்தில் கேளுங்கள்.

ஆண்டிஆக்ஸிடன்ட் ஏன் அவ்வளவு? 2010-இல் 3,100-க்கும் மேற்பட்ட உணவுப் பொருள்களை, எலக்ட்ரான் தந்து எவ்வளவு இரும்பு அயனியை ஒடுக்குகின்றன என்று பார்க்கும் முறையில் அளந்த பட்டியலில், உலர் நெல்லிக்கு 100 கிராமுக்கு 261 மில்லிமோல் பதிவானது. இழப்பே இல்லாமல் 2,000 மி.கி. வைட்டமின் சி இருந்தாலும் அது 11.4 மில்லிமோல்தான். ஒரு மூலக்கூறு இரண்டு எலக்ட்ரான் தருவதால் 23 ஆகும். எஞ்சியதில் பெரும்பங்கு டானின் மற்றும் அதன் காலிக் அமிலத் துண்டுகளுடையது. ஒரு டானின் மூலக்கூறில் எலக்ட்ரான் தரக்கூடிய ஹைட்ராக்சில்கள் பல இருக்கின்றன. ஆகவே வைட்டமின் அழிந்த பொடியிலும் இந்த எண் உயர்ந்தே நிற்கும். உலர்த்தல் சரியா என்பதை இது காட்டாது.

டானின் வைட்டமினைக் காப்பது உண்மைதான், ஆனால் முழுக்க அல்ல. வைட்டமின் சி-யை ஆக்சிஜனோடு வேகமாகச் சேர வைப்பவை செம்பு, இரும்பு அயனிகளும் ஆக்சிடேஸ் நொதியும். டானின் அயனிகளைக் கவ்விக்கொள்கிறது, புரதமான நொதியோடு ஒட்டி அதை மந்தப்படுத்துகிறது. பழத்தின் கடும் புளிப்பும் துணை நிற்கிறது. வெளியிலிருந்து நீங்களே இரும்பைச் சேர்த்தால் இந்தக் காவல் வீணாகும். இரும்புக் கத்தியில் நறுக்கிய துண்டு கருநீலமாவது, டானின் இரும்போடு பிணைந்துவிட்டதற்கு அடையாளம்.

உங்கள் இழப்பைப் பார்ப்போம். 82 சதவீதம் நீருள்ள சதை 5 கிலோ, 10 சதவீத ஈரத்தில் ஏறத்தாழ 1 கிலோ பொடியாகும். பச்சைச் சதையில் 100 கிராமுக்கு 400 மி.கி. இருந்திருந்தால், பொடியில் 2,000 இருக்க வேண்டும். நிற்பது 700, அதாவது மூன்றில் ஒரு பங்கு சற்றுக் கூடுதல். பச்சைக் காயையும் ஒருமுறை அளந்தால்தான் இந்தக் கணக்கு உறுதியாகும்.

நறுக்கியபின் கழுவாதீர்கள், வைட்டமின் நீரோடு போகும். துருப்பிடிக்காத எஃகுக் கத்தி, தட்டு மட்டும் போதும், செம்பு, பித்தளை வேண்டாம். நொதியை நிறுத்த முழுக் காயை 3-4 நிமிடம் ஆவியில் வையுங்கள், நீரில் வேகவிடாதீர்கள். மெல்லிய துண்டாக்கி, வெயில் படாமல் 55-60 டிகிரி உலர்த்தியில் காயவையுங்கள். துண்டு முறியும் பதம் வந்தவுடன் எடுத்துக் காற்றுப் புகாத, ஒளி ஊடுருவாத பையில் அடையுங்கள். பொடியாகவன்றித் துண்டாகவே வைத்திருந்து தேவைக்கு அரைப்பது நல்லது, ஏனெனில் அரைத்ததும் காற்றுப் படும் பரப்பு பெருகிவிடும்.