"சம்பளம் முக்கியமில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள்

கேள்வி: எனக்கு 25 வயது. பி.காம். முடித்ததும் 2022-இல் எங்கள் ஊரில் எட்டு மாதம் இல்லம் தேடிக் கல்வி தன்னார்வலராக இருந்தேன். அதற்குப் பிறகு மூன்று வருடமாக ஒரு தனியார் வங்கியில் கடன் பிரிவில் வேலை, கைக்கு 32,000 வருகிறது. மனசு என்னவோ அந்தப் பிள்ளைகளிடமே இருக்கிறது. போன மாதம் ஒரு தொண்டு நிறுவன நேர்காணலில் "சேவை செய்யணும்னு ஆசை, சம்பளம் முக்கியமில்லை" என்றேன். எடுக்கவில்லை. இப்போது ஜவ்வாது மலையில் பழங்குடிப் பிள்ளைகளுக்கான கல்வித் திட்டம் ஒன்றில் களப் பணியாளர் வேலைக்கு அழைத்திருக்கிறார்கள். சம்பளம் 20,000. ஏன் வருகிறீர்கள், களத்தில் என்ன செய்தீர்கள், இந்தச் சம்பளம் கட்டுமா என்று கேட்டால் என்ன சொல்வது? — ஒரு வாசகி, ஆரணி

பதில்: பல வருடமாக நேர்காணல் மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். "சம்பளம் முக்கியமில்லை" என்று ஒருவர் சொன்னதும் எனக்குள் எழும் எண்ணம் ஒன்றுதான்: இவர் இன்னும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. அப்படிச் சொல்லிச் சேர்ந்தவர்களில் பலர் நாலைந்து மாதத்தில் தயங்கித் தயங்கி வந்து, "வீட்ல கஷ்டமா இருக்கு சார்" என்று கடிதம் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் களத்தில் அதற்கு ஒரு விலை இருக்கிறது. மலைக் கிராமத்தில் ஒரு வீட்டுக்காரர் "உள்ள வாங்க" என்று திண்ணையில் உட்கார வைப்பதற்கே இரண்டு மூன்று மாதம் ஆகும். அந்த நேரத்தில் ஆள் மாறினால் அடுத்து வருபவரிடம் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "அந்த அக்கா ஏன் வரல?"

ஆகவே உங்களிடம் கேட்கப்போகும் மூன்று கேள்விகளும் உள்ளுக்குள் ஒரே கேள்விதான்: நீங்கள் இருப்பீர்களா? ஒவ்வொரு பதிலும் அதற்குப் பதிலாக இருக்க வேண்டும்.

முதலில், ஏன் வருகிறீர்கள். "சின்ன வயசிலிருந்தே சேவை மனப்பான்மை" என்று ஆரம்பிக்க வேண்டாம். அன்று வரும் பத்துப் பேரில் எட்டுப் பேர் அதைத்தான் சொல்வார்கள். வங்கி வேலையைக் குறை சொல்லியும் ஆரம்பிக்க வேண்டாம். டார்கெட் தொல்லை தாங்காமல் வருகிறேன் என்றால், இங்கேயும் டார்கெட் உண்டே! மாதக் கடைசியில் வருகைப் பதிவு, எக்ஸெல் பட்டியல், வவுச்சர், நிதி கொடுப்பவர்களுக்கு அறிக்கை என்று ராத்திரி பதினொரு மணி வரை உட்கார வேண்டியிருக்கும். அந்த வேலையில் வங்கி அனுபவம் உங்களுக்குப் பெரிய பலம். பட்டியலைச் சரிபார்க்கத் தெரிந்த களப் பணியாளர் கிடைப்பது அபூர்வம், அதனால் அதைத் தைரியமாகச் சொல்லுங்கள்.

மற்றபடி, நீங்கள் கண்ணால் பார்த்த ஒன்றிலிருந்து தொடங்கி இந்த வேலையில் கொண்டுபோய் முடியுங்கள். "எட்டு மாதம் சாயங்காலம் பாடம் எடுத்தேன். வந்த பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வந்தது. வராத பிள்ளைகளைப் பற்றி நான் எதுவும் செய்யவில்லை, எனக்கு அது தெரியவும் இல்லை. உங்கள் திட்டம் வராத பிள்ளைகளைத் தேடிப் போகிற திட்டம், அதனால் வந்திருக்கிறேன்." இப்படிச் சொல்ல நிறுவனத்தின் ஆண்டறிக்கையைப் படித்திருக்க வேண்டும். இன்னொன்று, நேர்காணலுக்கு முன் ஒரு நாள் போளூரில் பஸ் ஏறி ஜமுனாமரத்தூர் வரை போய் வாருங்கள். டீக்கடையில் கால் மணி நேரம் உட்காருங்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு, எந்த ஊரோடு பஸ் நின்றுவிடுகிறது, செல்போன் சிக்னல் எங்கே போகிறது என்று கேளுங்கள். மலையிலிருந்து குடும்பங்கள் கர்நாடகக் காபித் தோட்டங்களுக்கு வேலைக்குப் போவது உண்டு. எந்த மாதம் போகிறார்கள், பிள்ளைகளையும் கூட்டிப் போகிறார்களா, உண்டு உறைவிடப் பள்ளியில் விட்டுவிட்டுப் போகிறார்களா என்று விசாரியுங்கள். இதில் இரண்டு விஷயம் உங்கள் வாயில் வந்தாலே, "ஏன் வருகிறீர்கள்" என்ற கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

அடுத்தது கள அனுபவம். எட்டு மாதம்தானே என்று நீங்களே அதைச் சுருக்கிச் சொல்லிவிடுவீர்களோ என்பதுதான் என் கவலை. காலம் எவ்வளவு என்பதைவிட, அதில் ஒரு சம்பவத்தை உங்களால் எவ்வளவு கிட்டப் போய்ச் சொல்ல முடிகிறது என்பதைத்தான் பார்ப்போம்.

எங்கள் நேர்காணல் ஒன்றில் இரண்டு பேரிடம் ஒரே கேள்வி கேட்டோம்: வகுப்புக்கு வராமல் போன ஒரு பிள்ளைக்கு நீங்கள் என்ன செய்தீர்கள்? முதலாமவர், சமூகப்பணி முதுகலை படித்தவர், "பெற்றோரிடம் விழிப்புணர்வு இல்லை, கவுன்சலிங் கொடுத்துத் திரும்ப வரவைத்தோம்" என்றார். எந்த நேரத்தில் போனீர்கள், வீட்டில் யார் இருந்தார்கள், அம்மா என்ன சொன்னார் என்று கேட்டதும் பதில் தேய்ந்துபோனது.

இரண்டாமவருக்கு அனுபவம் ஆறே மாதம். அவர் சொன்னது: "நாலாவது படிக்கிற பொண்ணு, பத்து நாளா வரல. முதல்ல மத்தியானம் போனேன், வீடு பூட்டியிருந்தது. அம்மா நூறு நாள் வேலைக்குப் போயிருந்தாங்க. சாயங்காலம் ஆறு மணிக்குத் திரும்பப் போனேன். அடுப்புப் பத்த வச்சுட்டிருந்தாங்க, முகம் குடுத்துப் பேசல. மூணாவது தடவை அங்கன்வாடி அக்காவைக் கூட்டிட்டுப் போனேன். அப்புறம்தான் தெரிஞ்சது, ரெண்டு வயசுத் தம்பியைப் பாத்துக்க ஆள் இல்ல. தம்பியையும் தூக்கிட்டு வான்னு சொல்லிட்டேன். வந்தா. மத்த பிள்ளைங்க அவனைத் தூக்கி வச்சு விளையாட ஆரம்பிச்சு ரெண்டு வாரம் வகுப்பே நடக்கல. அப்புறம் ஒரு பாட்டிகிட்ட பேசி வாசல்ல உக்கார வச்சோம். பாட்டி வராத நாள்ல அவளும் வரமாட்டா. அதை என்னால கடைசி வரைக்கும் சரிபண்ண முடியல."

அவரைத்தான் எடுத்தோம். மூன்று முறை போயிருக்கிறார், நேரம் மாற்றியிருக்கிறார், ஊர் நம்புகிற ஒருவரைக் கூடக் கூட்டிப் போயிருக்கிறார், தீராததைத் தீரவில்லை என்று சொல்கிறார். களத்துக்குப் போனவர் பேச்சில் மணி, வாசல், கூட வந்த ஆள் எல்லாம் தானாகவே வரும். போகாதவர் பேச்சில் "சமுதாயம்", "விழிப்புணர்வு" என்ற வார்த்தைகள்தான் வரும். உங்கள் எட்டு மாதத்திலும் இப்படி ஒரு பிள்ளை இருந்திருக்கும். அந்த ஒரு பிள்ளையைப் பற்றி இன்றைக்கே ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள், தோற்ற இடத்தையும் சேர்த்து. ஒரு எச்சரிக்கை: பேசும்போது பிள்ளையின் பெயரைச் சொல்லாதீர்கள், போனில் படத்தை எடுத்துக் காட்டாதீர்கள். குழந்தைகளோடு வேலை செய்கிற எந்த நல்ல நிறுவனமும் அதைப் பெரிய குறையாகப் பார்க்கும்.

இனிச் சம்பளம். 20,000 என்பது பேரம் பேசி ஏற்றுகிற எண் இல்லை. திட்டத்துக்கு நிதி கேட்டு எழுதும்போதே இந்தப் பதவிக்கு இவ்வளவு என்று பட்ஜெட்டில் போட்டு, நிதி கொடுப்பவர் ஒப்புதலும் வாங்கியாகிவிட்டது. நேர்காணல் நடத்துபவர் நினைத்தாலும் அந்த வரியை மாற்றுவது கஷ்டம். ஆனால் பயணம், போன், தங்குமிடம் எல்லாம் வேறு வரிகள். அங்கே இடம் இருக்கும்.

முதலில் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: 20,000 என்பது உங்கள் மொத்தச் சம்பளமா, நிறுவனம் கட்டும் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பங்கும் அதற்குள்ளேயே அடக்கமா? அடிப்படைச் சம்பளம் 12,000 என்று வைத்துக்கொள்வோம். மொத்தச் சம்பளம் 20,000 என்றால் உங்கள் பி.எஃப். 12 சதவீதம் 1,440, இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் 150 போக 18,410 கைக்கு வரும். நிறுவனத்தின் பங்கும் உள்ளேயே என்றால் ஏறக்குறைய 16,400தான் வரும். ஒரே எண், மாதம் 2,000 ரூபாய் வித்தியாசம்.

செலவைப் போடுவோம். போளூரில் ஒரு அறை 3,500, சாப்பாடு 4,500, வீட்டுக்கு 5,000, போனும் மற்றதும் 2,000. ஆக 15,000. வண்டி ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டர் ஓடினால், 24 நாளில் 960 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கொடுக்கும் வண்டிக்கு 21 லிட்டர் பெட்ரோல், சுமார் 2,100 ரூபாய். மலை ஏறினால் கூடவே ஆகும். பெட்ரோலை நிறுவனம் தனியாகக் கொடுத்து, கைக்கு 18,410 வந்தால் மாதம் 3,400 மிஞ்சும். பெட்ரோல் உங்கள் கையிலிருந்து போய், கைக்கு 16,400தான் என்றால் மாதம் 700 துண்டு விழும். முதல் ஆள் இரண்டு வருடம் இருப்பார். இரண்டாவது ஆள், எவ்வளவு நல்ல மனசு இருந்தாலும், தீபாவளியோடு கிளம்பிவிடுவார். உங்கள் வாடகை, வீட்டுக்கு அனுப்பும் பணம், கடன் தவணை எல்லாம் வேறாக இருக்கும். உங்கள் எண்களைப் போட்டு இதே கணக்கை எழுதிப் பாருங்கள். 32,000-க்குப் பழகிய செலவில் எதை நிறுத்தப் போகிறீர்கள் என்பதும் அதில் இருக்கட்டும்.

கேள்வி வரும்போது இப்படிச் சொல்லலாம்: "இப்போது 32,000 வாங்குகிறேன், குறையும் என்று தெரிந்துதான் வந்திருக்கிறேன். வீட்டில் பேசிவிட்டேன். மாதம் 15,000-இல் என் செலவும் வீட்டுக்கு அனுப்புவதும் அடங்கும். பெட்ரோல் மட்டும் தனியாகக் கிடைத்தால் இரண்டு வருடம் என்னால் தாராளமாக இருக்க முடியும். அது எப்படிக் கொடுப்பீர்கள் என்று தெரிந்துகொள்ளலாமா?" பணத்தைப் பற்றிக் கேட்டால் சேவை மனம் இல்லை என்று நினைப்பார்களோ என்று பயப்படாதீர்கள். கிலோமீட்டருக்கு இவ்வளவா, மாதம் மொத்தமாகவா, பில் கொடுத்து எத்தனை நாளில் வரும் என்று கேட்கிறவர், வேலைக்கு வரத் தயாராகிவிட்டவர். அப்படியே, இந்தத் திட்டத்துக்கு நிதி எந்த மாதம் வரை இருக்கிறது என்றும் கேளுங்கள். பதினோரு மாத ஒப்பந்தம் என்றால் புதுப்பிப்பது யார் கையில் என்பதும் அதோடு தெரிந்துவிடும்.

பெண் என்பதால், "கல்யாணம் ஆனா என்ன பண்ணுவீங்க?" என்றும் சிலர் கேட்பார்கள். கேட்கக் கூடாத கேள்வி, ஆனாலும் கேட்கிறார்கள். கல்யாணத்தைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. "இரண்டு கல்வியாண்டு இருப்பதாகத் திட்டமிட்டிருக்கிறேன், போளூரில் அறையும் விசாரித்துவிட்டேன்" என்று மட்டும் சொல்லுங்கள்.

எடுத்துக்கொண்டார்கள் என்றால், பணி ஆணையில் மொத்தச் சம்பளம், பி.எஃப். பிடித்தம், பயணப்படி, ஒப்பந்தம் முடியும் தேதி நாலும் எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வங்கியில் ராஜினாமா கொடுங்கள். பயணப்படி "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றால், அதை ஒரு வரியில் மின்னஞ்சலாக அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அதற்கும் தயங்கினால், மேலே போட்ட கணக்கில் 700 ரூபாய் துண்டு விழும் பக்கம்தான் நீங்கள் இருக்கப்போகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.