லாஸ் பூஜ்யத்துக்குப் போகக் கூடாது

கேள்வி: என்னிடம் இருப்பதெல்லாம் இரைச்சல் நிறைந்த நுண்ணோக்கிப் படங்கள்தான். ஒப்பிட ஒரு தெளிவான படம்கூட இல்லை. இவற்றை மட்டும் வைத்தே இரைச்சல் நீக்கும் மாடலைப் பழக்கலாம் என்கிறார்கள். விடையே தெரியாமல் அது எப்படிக் கற்கும்? சரியாகக் கற்றதா என்று எப்படிப் பார்ப்பது?

கற்கும், ஒரு நிபந்தனையோடு. அந்த நிபந்தனையை மறந்து இரண்டு வாரத்தை வீணாக்கியவன் நான். அதனால் இந்தப் பதிலில் பாதி அதைப் பற்றித்தான் இருக்கும்.

நான் பார்ப்பதும் நுண்ணோக்கிப் படங்கள்தான், ஒளிரும் சாயம் ஏற்றிய உயிருள்ள செல்கள். வெளிச்சத்தைக் கூட்டினால் படம் தெளியும். ஆனால் சாயம் வெளிறும், செல்லும் சாகும். ஆகவே தெளிவான படம் எங்களுக்கும் கிடைக்கவே கிடைக்காது.

ஒரு பிக்சலை மறைத்துவிட்டு, சுற்றியுள்ளவற்றை மட்டும் பார்த்து அதன் மதிப்பைச் சொல்லும்படி நெட்வொர்க்கிடம் கேட்கிறோம். அந்த இடத்தின் உண்மை மதிப்பு 100, கேமரா பதிந்தது 117 என்று வைத்துக்கொள்ளுங்கள். செல்லின் ஓரம் எப்படி வளைந்து வருகிறது என்பதைப் பார்த்து 100ஐ ஊகிக்கலாம். மிச்சமுள்ள 17ஐ ஊகிக்க வழியே இல்லை. பக்கத்துப் பிக்சல்களில் விழுந்த இரைச்சலுக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. இதே மாதிரியான இடம் இன்னொரு படத்தில் 83 என்று வரும், வேறொன்றில் 104 என்று வரும். நாம் காட்டும் விடை ஒவ்வொன்றும் தப்புதான். ஆனால் தப்புகள் இரண்டு பக்கமும் சமமாகச் சிதறுவதால், வர்க்கப் பிழையைக் குறைக்க முயலும் நெட்வொர்க்குக்குக் கட்டுப்படியாகும் ஒரே பதில் அவற்றின் சராசரி. அந்தச் சராசரி 100.

மறைக்காமல் விட்டால் உள்ளே வந்த 117ஐ அப்படியே வெளியே நீட்டிவிட்டு வேலை முடிந்தது என்று உட்கார்ந்துவிடும். அதற்காகத்தான் மறைப்பது. 2019இல் வந்த நாய்ஸ்-டு-வாய்டு முறையில் இதைச் சுலபமாகச் செய்தார்கள்: 64×64 துண்டு ஒன்றை எடுத்து, அதில் ஒரு 64 பிக்சலை மட்டும் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் அக்கம்பக்கத்துப் பிக்சல் ஒன்றின் மதிப்பை எழுதிவிடுவது. லாஸ், அதாவது வர்க்கப் பிழையின் சராசரி, கணக்கிடுவது அந்த 64 இடங்களில் மட்டும், அசல் மதிப்போடு ஒப்பிட்டு.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. இரைச்சலை ஊகிக்க முடியாது என்றால், லாஸ் எவ்வளவு இறங்கினாலும் இரைச்சலின் மாறுபாட்டுக்குக் கீழே போக முடியாது. இரைச்சலின் திட்டவிலக்கம் 20 என்றால் மாறுபாடு 400. லாஸ் 430இல் நின்றால், உண்மைப் படத்திலிருந்து நெட்வொர்க் விலகியிருப்பது வர்க்கப் பிழைக் கணக்கில் சுமார் 30 என்று அர்த்தம். தெளிவான படத்தைப் பார்க்காமலே அதனோடு உள்ள தூரம் தெரிந்துவிடுகிறது. எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

அந்த 400ஐ எப்படி அறிவது? அசையாத மாதிரி ஒன்றை அடுத்தடுத்து இரண்டு முறை படமெடுங்கள். கழித்தால் செல் மறைந்துபோய் இரைச்சல் மட்டும் மிஞ்சும். `a`, `b` அந்த இரண்டு படங்கள்:

```python
d = a.astype(float) - b.astype(float)
d -= d.mean()
print(d.var() / 2)
print((d[:, 1:] * d[:, :-1]).mean() / d.var())
print((d[1:, :] * d[:-1, :]).mean() / d.var())
```

முதல் எண் மாறுபாடு. அடுத்த இரண்டும், கிடைவாக்கிலும் நெடுக்குவாக்கிலும் பக்கத்துப் பிக்சல்களின் இரைச்சல்கள் எவ்வளவு ஒட்டி நிற்கின்றன என்பது. இரண்டும் பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். நான் சொன்ன நிபந்தனை அதுதான்.

என் கதைக்கு வருகிறேன். கேமராவின் கச்சாப் படங்களில் மாறுபாடு 400 என்று அளந்து வைத்திருந்தேன். பயிற்சியை ஓட்டினால் லாஸ் 120க்கு இறங்கியது. முதலில் சந்தோஷப்பட்டேன், அசட்டுத்தனம். வெளிவந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் செல்லின் மேலெல்லாம் குட்டிக் குட்டிக் கிடைக்கோடுகள், மூன்று நான்கு பிக்சல் நீளத்துக்கு. செல்லில் அப்படி ஒன்றும் கிடையாது.

பயிற்சிக்கு நான் கொடுத்தவை கச்சாப் படங்கள் அல்ல, நகர்வு திருத்தப்பட்டவை என்பது பிறகுதான் உறைத்தது. எங்கள் நுண்ணோக்கி மேடை மெதுவாகப் பக்கவாட்டில் நகரும். அதைச் சரிசெய்யும் நிரல், படத்தை அரைப் பிக்சல் கால் பிக்சல் என்று தள்ளி வைக்கும். அரைப் பிக்சல் தள்ளுவது என்றால் இடதுபக்கத்தையும் வலதுபக்கத்தையும் கூட்டி இரண்டால் வகுப்பது. இதனால் மாறுபாடு 400இலிருந்து 200 ஆகும், அதுவரை பரவாயில்லை. ஆனால் இப்போது பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் இரண்டும் ஒரு பழைய பிக்சலைப் பங்கு போட்டுக்கொள்கின்றன, கணக்குப்படி ஒட்டுறவு 0.5. மேலே உள்ள குறியீட்டை அந்தப் படங்களில் ஓட்டியபோது கிடைவாக்கில் 0.47, நெடுக்குவாக்கில் ஏறக்குறைய பூஜ்யம் என்று வந்தது. அதாவது மறைத்த பிக்சலின் இரைச்சலில் ஒரு பங்கு பக்கத்தில் இருந்தது, நெட்வொர்க் அதைப் பார்த்து எழுதிவிட்டது. லாஸ் 200க்கும் கீழே போனதும், கோடுகள் கிடையாக மட்டும் வந்ததும் அதனால்தான்.

பரிகாரம் வெட்கப்படும் அளவுக்கு எளிது: கச்சாப் படத்தில் பயிற்சி கொடுத்து இரைச்சலை நீக்கிய பிறகு நகர்வைத் திருத்துவது. லாஸ் 430இல் நின்றது, கோடுகளும் போயின. மாடலை எவ்வளவு மாற்றிப் பார்த்தேன் என்பதை இங்கே எழுதவில்லை.

கைபேசிப் படங்களில் இந்த வசதி இல்லை. நிறங்களை நிரப்பும் கட்டத்திலேயே பிக்சல்கள் கலந்துவிடுகின்றன, பின்னால் சுருக்கம் வேறு. அங்கே ஐந்துக்கு ஒரு பிக்சலாகப் பொறுக்கி எடுத்துச் சிறு படங்களாக்கிப் பயிற்சி தருவது உண்டு; தள்ளித் தள்ளி இருக்கும் பிக்சல்களில் ஒட்டுறவு தேய்ந்திருக்கும். நுணுக்கங்களும் கொஞ்சம் தேயும்.

அசையாத பொருளாக இருந்து இரண்டு முறை படமெடுக்க முடிந்தால் இந்த மறைப்பு விளையாட்டே வேண்டாம். ஒன்றை உள்ளீடாகவும் மற்றதை விடையாகவும் கொடுத்துப் பழக்குங்கள். 2018இல் வந்த நாய்ஸ்-டு-நாய்ஸ் அதுதான். நடுப் பிக்சலைத் தூக்கி எறியாததால் முடிவும் மேலாக இருக்கும்.

அந்தத் தூக்கி எறிதலுக்கு ஒரு விலை உண்டு. ஒரே ஒரு பிக்சல் அளவில் மின்னும் புள்ளி உங்கள் செல்லில் இருந்தால், அக்கம்பக்கத்தைப் பார்த்து அதை ஊகிக்க முடியாது. நெட்வொர்க்கின் கண்ணுக்கு அதுவும் இரைச்சலும் ஒன்று, அழித்துவிடும். கச்சாப் படத்திலிருந்து வெளியீட்டைக் கழித்துப் பாருங்கள். மிஞ்சுவது வெறும் மணல் போல இருந்தால் நல்லது. அதில் செல்லின் ஓரமோ, ஒவ்வொரு சட்டகத்திலும் ஒரே இடத்தில் ஒரு புள்ளியோ தெரிந்தால் உண்மையையும் சேர்த்துத் தின்றிருக்கிறது. எங்கள் படங்களில் அப்படிச் சில புள்ளிகள் தெரிந்தன. அதனால் புள்ளிகளை எண்ணுவதை இன்றும் கச்சாப் படத்தில்தான் செய்கிறோம். செல்லின் எல்லையை வரைய மட்டும் இரைச்சல் நீக்கிய படம்.