எழுத்துப் பிழைக்கு அரை மதிப்பெண் குறைக்கலாமா?

கேள்வி: எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். கோடிட்ட இடத்தை நிரப்பும் தேர்வில் 10 கேள்விகள், தலா 1 மதிப்பெண். எழுத்துப் பிழை ஒவ்வொன்றுக்கும் அரை மதிப்பெண் குறைப்பது என் வழக்கம். ஒரு மாணவன் ஒளிசேர்க்கை, நுறையீரல், வெட்பநிலை, எறிதல் (மெழுகுவர்த்தி எரிதல்), இரும்பு சல்பேட், ஒளி (ஒலி) என்று எழுதி 7 மதிப்பெண் வாங்கினான். மற்ற நான்கும் சரி. "பையனுக்குப் பாடம் தெரியும், தமிழில்தானே தவறு?" என்று அவன் அம்மா கேட்கிறார். நான் செய்தது சரியா?
— ஓர் ஆசிரியை, மன்னார்குடி

பதில்: அந்த அம்மா கேட்பதில் பெரும்பகுதி நியாயம்தான். ஆனால் எல்லாப் பிழைகளையும் மன்னித்துவிடவும் முடியாது. உங்கள் மாணவனின் ஆறு விடைகளும் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல.

விடைத்தாளைத் திருத்தும்போது ஒன்றை மட்டும் பாருங்கள்: அவன் எழுதிய சொல், அந்தக் கேள்விக்கு அறிவியலில் வேறொரு விடையாகிவிடுகிறதா? நுறையீரல் என்று ஓர் உறுப்பு கிடையாது. வல்லின றகரம் வந்ததால் அது கல்லீரலாகவோ மண்ணீரலாகவோ மாறிவிடாது. ஒளிசேர்க்கையில் 'ச்' விடுபட்டது சந்திப் பிழை. இலையில் நடக்கும் வேலையில் எந்தக் குழப்பமும் இல்லை. வெட்பநிலையும் அப்படியே. எறிதல் சற்று வேடிக்கையானது. அது அகராதியில் உள்ள சொல்தான், ஆனால் வேதி மாற்றத்துக்கு எடுத்துக்காட்டாக மெழுகுவர்த்தியைத் தூக்கி எறிவதை எந்தப் பிள்ளையும் நினைத்திருக்காது. இந்த நான்குக்கும் முழு மதிப்பெண் கொடுங்கள். பிழையைச் சிவப்பு மையில் வட்டமிட்டுச் சரியான வடிவத்தைப் பக்கத்தில் எழுதுங்கள். பிழையைக் கண்டுகொள்ளாமல் விடச் சொல்லவில்லை. அறிவியல் மதிப்பெண்ணில் அதைக் கலக்க வேண்டாம் என்கிறேன். 1 மதிப்பெண் கேள்வியில் அரையைக் கழித்தால், தெரிந்த பாடத்தில் பாதி தெரியாது என்று பதிவாகிறது.

இரும்பு சல்பேட் அப்படியல்ல. இரும்புத்தூளையும் கந்தகத்தையும் சேர்த்துச் சூடாக்கினால் கிடைப்பது சல்பைடு, FeS. சல்பேட் என்றால் FeSO₄. அதில் ஆக்சிஜன் இருக்கிறது. பார்வைக்கு ஓரிரு எழுத்துதான் வேறுபாடு, பொருளோ வேறு. அங்கே அரை மதிப்பெண் கொடுத்ததும் தவறு, அது பூஜ்யம். யாராவது 'சல்பைட்' என்று எழுதியிருந்தால்தான் சங்கடம். சல்பைடைத்தான் அப்படி எழுதினானா, SO₃ உள்ள சல்பைட்டை நினைத்தானா என்று தாளைப் பார்த்துச் சொல்ல முடியாது. இத்தகைய கேள்விகளில் பெயரோடு வாய்பாட்டையும் எழுதச் சொல்லிவிட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும். வாய்பாட்டில் மட்டும் சலுகை கூடாது. Co என்றால் கோபால்ட், CO என்றால் கார்பன் மோனாக்சைடு.

மிகவும் சிக்கலானது கடைசி விடை. உங்கள் கேள்வி "நிலவில் காற்று இல்லாததால் ______ பரவாது" என்பது போன்றது என்று வைத்துக்கொள்வோம். ஒளி என்று எழுதினால் வாக்கியமே பொய்யாகிவிடும். சூரிய ஒளி வெற்றிடத்தைக் கடந்துதான் நிலவுக்கும் நமக்கும் வருகிறது. ஆகவே விதிப்படி மதிப்பெண் இல்லை. ஆனால் லகர ளகரம் தடுமாறும் பிள்ளைகள் நம் வகுப்புகளில் ஏராளம். அவன் மற்ற விடைகளிலும் பள்ளத்தைப் பல்லம் என்று எழுதுகிறானா என்று புரட்டிப் பாருங்கள். வகுப்புத் தேர்வுதானே, கூப்பிட்டும் கேட்கலாம். "ஒலியா, ஒளியா?" என்று கேட்காதீர்கள், உங்கள் உச்சரிப்பே விடையைச் சொல்லிவிடும். "நிலவில் எது பரவாது, நமக்கு அது எப்படித் தெரியவரும்?" என்று கேளுங்கள். "பேசினால் காதில் விழாது" என்றால் மதிப்பெண்ணைக் கொடுத்துவிடலாம். முழித்தால் பூஜ்யம் நிற்கட்டும்.

ஆக, அவனுக்கு 8 மதிப்பெண். ஒலியை விளக்கிவிட்டால் 9. அந்த அம்மாவிடம் சல்பேட் விடைக்கு இருந்த அரை மதிப்பெண்ணும் போய்விட்டதைச் சேர்த்தே சொல்லுங்கள், ஏன் என்றும் சொல்லுங்கள்.

இனி வினாத்தாள் தயாரிக்கும்போதே விடைக்குறிப்பில் ஏற்கும் வடிவங்களை எழுதிவிடுங்கள். ஆக்சிஜன், ஆக்ஸிஜன், உயிர்வளி எல்லாம் சரி என்று முன்கூட்டியே முடிவாகியிருந்தால், நாற்பதாவது தாளைத் திருத்தும் களைப்பில் ஒருவனுக்கு ஒரு நீதி வராது. மைட்டாசிஸ், மியாசிஸ் போன்ற இரட்டைகளுக்கு மட்டும் "எழுத்து சரியாக இருக்க வேண்டும்" என்று வினாத்தாளிலேயே அச்சிட்டுவிடுங்கள். இரண்டையும் கலந்து 'மையாசிஸ்' என்று எழுதுபவன் எதைச் சொல்ல வந்தான் என்று யாருக்கும் தெரியாது. அந்தக் கலவைக்கு மதிப்பெண் கிடையாது என்று வகுப்பில் முன்பே சொல்லிவிடுங்கள்.