கூர்ச்சீட்டு இருந்தால் போதுமா?

"எங்கள் அப்பா 1986-ல் கிரயம் வாங்கிய தோட்டம் 6 ஏக்கர் 30 சென்ட். அவர் காலமான பிறகு 2013-ல் நானும் அண்ணனும் பெரியவர்களை வைத்து ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டு, 20 ரூபாய் முத்திரைத்தாளில் கூர்ச்சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டோம். தங்கச்சி ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அம்மாவும் போன வருடம் தவறிவிட்டார். கிணறும் கரண்டு சர்வீஸும் அண்ணன் பக்கம் இருக்கின்றன, முறை வைத்து எடுக்கிறோம். இதுவரை சண்டை இல்லை. பேங்கில் லோன் கேட்டால் பதிவான பாகப் பத்திரம் வேண்டும் என்கிறார்கள். எங்கள் சீட்டு செல்லாதா? பத்திரம் எழுதினால் அதில் என்னென்ன வர வேண்டும்?"
— ஒரு வாசகர், வெள்ளகோவில்

உங்கள் சீட்டை எடுத்து, அதில் வினைச்சொல் எப்படி முடிகிறது என்று முதலில் பாருங்கள். "சென்ற தை மாதம் வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டு அனுபவித்து வருகிறோம், ஞாபகத்துக்காக எழுதி வைக்கிறோம்" என்று இருந்தால், அது முன்பே நடந்துவிட்ட பிரிவினைக்கு ஒரு குறிப்பு. "இதன் மூலம் பிரித்துக்கொள்கிறோம், இன்று முதல் அவரவர் பாகத்தை அவரவர் சர்வ சுதந்திரமாக ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது" என்று இருந்தால், அந்தத் தாளேதான் பிரிவினையைச் செய்கிறது. சட்டம் இந்த இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை.

வாய்மொழியாகப் பாகம் பிரிப்பது இன்றைக்கும் சட்டத்துக்கு விரோதமில்லை. பாகம் பிரிக்க எழுத்து கட்டாயம் என்று சட்டம் சொல்லவில்லை. குடும்ப ஏற்பாடு வாய்மொழியாக இருக்கலாம், முடிந்துபோன ஏற்பாட்டைப் பின்னால் குறித்து வைத்தால் அந்தக் குறிப்பைப் பதிவு செய்ய வேண்டியதில்லை என்று 1976-ல் காலே வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. ஆனால் எழுதுகிற தாளே 100 ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள நிலத்தில் உரிமையை உண்டாக்கினால், 1908-ம் வருடப் பதிவுச் சட்டத்தின் 17-வது பிரிவுப்படி அதைப் பதிந்தே ஆக வேண்டும். பதியாவிட்டால் 49-வது பிரிவு குறுக்கே நிற்கும். இன்ன பாகம் எனக்கு வந்தது என்று நிரூபிக்க அந்தத் தாளைக் காட்ட முடியாது. நிலம் யார் கையில், எந்த வகையில் இருந்து வருகிறது என்பது போன்ற பக்க விஷயத்துக்கு மட்டும் கோர்ட் அதைப் பார்க்கலாம். அதற்கும் முத்திரைத் தீர்வை சரியாகக் கட்டியிருக்க வேண்டும். 20 ரூபாய்த் தாள் அதற்குப் போதாது. குறைந்த தீர்வையோடு பத்து மடங்கு வரை அபராதமும் கட்டினால்தான் கோர்ட் அதைக் கையில் எடுக்கும்.

நம் பக்கம் எழுதுகிற கூர்ச்சீட்டுகளில் நான் பார்த்தவை பெரும்பாலும் இரண்டாவது ரகம்தான். எழுதிக் கொடுப்பவர் பத்திரத்தின் நடையிலேயே எழுதிப் பழகியவர், அதனால் கை அப்படியே போய்விடுகிறது. பழைய தாளை இப்போது கொண்டுபோய்ப் பதியலாமா என்றால் அதுவும் முடியாது. கையெழுத்திட்ட நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும், அபராதம் கட்டினால் இன்னும் நான்கு மாதம் கிடைக்கும். 2013-ம் வருடத் தாளுக்கு அந்தக் காலம் எப்போதோ போய்விட்டது.

சரி, உங்கள் சீட்டு முதல் ரகம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் உங்கள் தங்கை விஷயம் அப்படியேதான் நிற்கிறது. எனக்கு இதுதான் பெரிய கவலை.

தோட்டம் அப்பாவின் சொந்தச் சம்பாத்தியம். அவர் உயில் எழுதவில்லை, அவருடைய தாயார் முன்பே காலமாகிவிட்டார் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் அவர் இறந்த அன்றே உங்கள் அம்மா, நீங்கள், அண்ணன், தங்கை ஆகிய நால்வருக்கும் கால் கால் பாகம் வந்துவிட்டது. 2013-ல் நால்வரில் இருவர் மட்டும் உட்கார்ந்து முழுத் தோட்டத்தையும் பிரித்திருக்கிறீர்கள். மற்ற இருவரை அது கட்டுப்படுத்தாது. இப்போது அம்மாவின் பாகமும் உயில் இல்லாமல் பிள்ளைகள் மூவருக்கும் சமமாக வருகிறது. ஆக ஆளுக்கு மூன்றில் ஒன்று, அதாவது 2 ஏக்கர் 10 சென்ட். கல்யாணத்தில் போட்ட நகையும் செய்த சீரும் இந்தப் பாகத்தைக் கழிக்காது. "வேண்டாம்" என்று வாயால் சொன்னதும் கழிக்காது. நிலத்தில் உள்ள உரிமையை விட வேண்டுமானால் பதிவான விடுதலைப் பத்திரம் வேண்டும். நாளைக்குத் தங்கை இல்லாத காலத்தில் அவருடைய பிள்ளைகள் பாகப் பிரிவினை வழக்குப் போட்டால், உங்கள் சீட்டு அவர்கள் முன்னால் நிற்காது. பேங்கின் வக்கீலும் வாரிசுச் சான்றில் தங்கையின் பெயரைப் பார்த்துவிட்டு அவர் கையெழுத்து எங்கே என்றுதான் கேட்பார்.

அதனால் தங்கச்சி வீட்டுக்கு நீங்களும் அண்ணனும் நேரில் போய், "உனக்குச் சட்டப்படி 2 ஏக்கர் 10 சென்ட் இருக்குது, உன் எண்ணம் என்ன?" என்று அளவைச் சொல்லியே கேளுங்கள். எவ்வளவு என்று தெரியாமல் ஒருவர் வேண்டாம் என்று சொன்னதை நான் சம்மதமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். பாகம் கேட்டால் பத்திரத்தில் மூன்றாவது பாகஸ்தராக அவர் வருவார். உண்மையிலேயே வேண்டாம் என்றாலோ, பணமாக வாங்கிக்கொள்கிறேன் என்றாலோ, முதலில் அவர் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதியட்டும். பணம் கொடுத்தால் அந்தத் தொகையும் அதில் இருக்கட்டும். "அண்ணன்மார் இருவருக்கும் சமமாக" என்று அதில் தெளிவாக வர வேண்டும். ஒருவர் பெயர் மட்டும் வந்துவிட்டால் அந்த 2 ஏக்கர் 10 சென்டும் அவர் கணக்கில் சேர்ந்து 4.20-க்கு 2.10 என்று ஆகிவிடும். இருவருக்கும் சமமாக எழுதினால் ஆளுக்கு 3 ஏக்கர் 15 சென்ட். அது நீங்கள் இப்போது உழுகிற அளவோடு பொருந்துகிறது. அதன் பிறகு நீங்கள் இருவரும் பாகப் பத்திரம் எழுதலாம்.

இனிப் பத்திரத்துக்கு வருவோம். முன்னுரையில் சொத்து வந்த வழியைச் சொல்ல வேண்டும்: அப்பாவின் கிரயப் பத்திரத்தின் எண், வருடம், பதிந்த சார்பதிவகம், பெற்றோர் இருவரும் இறந்த தேதி, வாரிசுகள் யார் யார், தங்கையின் விடுதலைப் பத்திர எண். பிறகு முழுச் சொத்தையும் ஒரு விவரப் பட்டியலாகவும், ஒவ்வொருவர் பாகத்தையும் தனித்தனிப் பட்டியலாகவும் எழுத வேண்டும். கிராமம், சர்வே எண், உட்பிரிவு, பட்டா எண், பரப்பு, நான்கு எல்லைகள் எல்லாம் ஒவ்வொன்றிலும் இருக்க வேண்டும். பரப்பை ஏக்கரிலும் ஹெக்டேரிலும் எழுதுங்கள். உங்கள் 6.30 ஏக்கருக்கு ஏறக்குறைய 2.55 ஹெக்டேர் வரும். பட்டாவில் அதைவிடக் குறைவாக இருந்தால், பத்திரம் எழுதும் முன்பே சர்வேயரை வைத்து அளந்துவிடுங்கள். எழுதிய பிறகு அளந்தால், குறைகிற சென்ட் யார் பாகத்தில் குறைந்தது என்பதில் பேச்சு வரும்.

இதுவரை சொன்னதெல்லாம் எந்தப் பத்திர எழுத்தரும் எழுதிவிடுவார். தோட்டத்துப் பாகத்தில் கோளாறு வருவது தடத்திலும் கிணற்றிலும்தான். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், பதிவான பத்திரம் இருந்தும் பிள்ளைகள் காலத்தில் கோர்ட்டுக்குப் போனார்கள். பத்திரத்தில் "மாமூல் வழிநடை பாத்தியம் உட்பட" என்று ஒரே வரி. மாட்டு வண்டி போன காலத்தில் அந்த வரி போதுமானதாக இருந்தது. ஒரு பையன் கம்பிவேலி போட்டான், இன்னொருவனின் டிராக்டர் நுழையவில்லை. தடம் எத்தனை அடி என்று சொல்ல ஆளும் இல்லை, எழுத்தும் இல்லை.

அதனால் தடத்தை அளந்து எழுதுங்கள். இட்டேரியில் எந்த இடத்தில் பிரிந்து, யார் நிலத்தில் எந்த எல்லையை ஒட்டிப் போய், எங்கே முடிகிறது, எத்தனை அடி அகலம், எத்தனை அடி நீளம் என்று எல்லாம் வரட்டும். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. உங்கள் தடம் 12 அடி அகலத்தில் அண்ணன் நிலத்துக்குள் 363 அடி போகிறது என்று வையுங்கள். அது 4,356 சதுர அடி, சரியாக 10 சென்ட். அந்த 10 சென்ட் அண்ணனின் 3.15-க்குள் அடக்கமா, இருவருக்கும் பொதுவாக வெளியே வைத்ததா? பொது என்றால் மீதி 6.20-ஐப் பிரித்து ஆளுக்கு 3.10 என்று வரும். எது உங்களுக்குச் சம்மதமோ அதை எழுதுங்கள், ஆனால் எழுதாமல் விடாதீர்கள்.

கிணறும் அப்படித்தான். அது நிற்கிற இடமும் மோட்டார் ரூமும் எத்தனை சென்ட், அதில் ஆளுக்குப் பாதி என்று பொதுப் பட்டியலாகப் போடுங்கள். முறை எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை, உங்கள் பைப் லைன் அண்ணன் நிலத்தில் எந்த வழியாக வருகிறது, உடைந்தால் உள்ளே போய் மண் தோண்டிச் சரிசெய்யும் உரிமை, தூர் வாருவதற்கும் மோட்டார் ரிப்பேருக்கும் செலவில் பாதி, இவை எல்லாம் ஒவ்வொரு வாக்கியமாக வரட்டும். சர்வீஸ் இன்னும் அப்பா பெயரில் இருந்தால், யார் பெயருக்கு மாற்றினாலும் மற்றவரின் முறைக்குப் பங்கம் இல்லை என்றும், மாற்றத்துக்கு இருவரும் கையெழுத்துப் போட வேண்டியது என்றும் எழுதுங்கள். ஒருவர் தன் பாகத்தை விற்றால் வாங்குகிறவருக்கும் இந்த முறை பொருந்துமா என்பதையும் இப்போதே பேசி முடித்துவிடுங்கள். அண்ணன் தம்பிக்குள் விட்டுக்கொடுப்பது போல வெளியாள் விட்டுக்கொடுக்க மாட்டார்.

சமன் செய்ய ஒருவர் பணம் கொடுத்தால் அந்தத் தொகை, பாக்கிக் கடன் இருந்தால் அதை யார் கட்டுவது, மூலப் பத்திரம் யார் கையில் இருக்கும் என்பதெல்லாம் ஒவ்வொரு வரியில் முடிகிற விஷயங்கள்.

செலவைப் பற்றி: குடும்பத்துக்குள் செய்யும் பாகப் பத்திரத்துக்கும் விடுதலைப் பத்திரத்துக்கும் முத்திரைத் தீர்வை 1 சதவீதம்தான். 2023 ஜூலையில் திருத்திய கட்டணப்படி பாகப் பத்திரத்தில் ஒரு பாகத்துக்குத் தீர்வை 40,000 ரூபாய்க்கும், பதிவுக் கட்டணம் 10,000 ரூபாய்க்கும் மேல் போகாது.

பூர்வீகச் சொத்து வைத்திருக்கிற வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. 2005 செப்டம்பர் 9 முதல் மகள்களும் பிறப்பால் கூட்டுப் பங்குதாரர்கள். அவர்களுக்கு எதிராக "முன்னமே வாய்மொழியாகப் பிரித்துவிட்டோம்" என்று சொல்வது லேசில் எடுபடாது. பதிவுப் பத்திரமோ கோர்ட் டிகிரியோதான் வழி, வாய்மொழிப் பாகத்தை அரசு ஆவணங்களின் ஆதாரத்தோடு அபூர்வமாகவே ஏற்கலாம் என்று 2020-ல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பதிந்து முடிந்ததும் பட்டா உட்பிரிவுக்கு மனுக் கொடுங்கள். சர்வேயர் வந்து அளக்கிற அன்று நீங்களும் அண்ணனும் இருவருமே தோட்டத்தில் இருங்கள், பத்திரத்தில் எழுதிய தடத்துக்கு அன்றே கல் நட்டுவிடலாம்.