அந்தப் பெண் என் நாற்காலிக்குத்தான் வந்திருக்கிறாளா?

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் 19 வருஷமாகக் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வயது 44. செப்டம்பரில் டேலியை நிறுத்திவிட்டுப் புது சாப்ட்வேர் கொண்டுவந்தார்கள். கூடவே 26 வயதுப் பெண் ஒருத்தியும் வேலைக்கு வந்தாள். "அக்கா, அக்கா" என்று பக்கத்திலேயே உட்கார்ந்து, நான் செய்வதை எல்லாம் நோட்டில் எழுதிக்கொள்கிறாள். அவளுக்கு என்மேல் பொறாமை, என் இடத்தைப் பிடிக்கப் பார்க்கிறாள். சாப்ட்வேரைப் பொறுத்தவரை, ஆறு மாதத்தில் டேலிக்கே திரும்பிவிடுவார்கள். அதனால் பயிற்சி பற்றி வந்த மூன்று மெயில்களையும் நான் திறக்கவில்லை. டிடிஎஸ் கட்டுவதில் 19 வருஷத்தில் ஒருமுறைகூட 5ஆம் தேதியைத் தாண்டியதில்லை. நவம்பரில் மட்டும் 7ஆம் தேதிக்குள் கட்ட வேண்டியது 11ஆம் தேதி ஆகிவிட்டது, வட்டி 2,520 ரூபாய். 7ஆம் தேதி பேங்க் சர்வர் வேலை செய்யவில்லை. இப்போது பட்டியலை எல்லாம் புது சாப்ட்வேரில்தான் எடுக்க வேண்டும், அது வேறு தொல்லை. சைக்காலஜி படிக்கும் என் மகன், "புரொஜெக்‌ஷன், டினையல், ரேஷனலைசேஷன் மூணுமே உன்கிட்ட இருக்கும்மா" என்றான். இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. நான் பொய் சொல்கிறேனா?

அன்புள்ள சகோதரிக்கு,

இல்லை, நீங்கள் பொய் சொல்லவில்லை. பொய் சொல்பவருக்கு உண்மை எது என்று தெரியும். உங்கள் மகன் சொன்ன மூன்றும் நமக்குத் தெரியாமலே நடப்பவை. தாங்க முடியாத ஒரு பயமோ வெட்கமோ உள்ளிருந்து எழும்போது, அது முழுதாக நம் நினைவுக்கு வருவதற்குள் மனம் அதற்கு வேறு உருவம் கொடுத்துவிடுகிறது. இவற்றைத் தற்காப்பு வழிமுறைகள் என்கிறோம். சிக்மண்ட் பிராய்ட் 1894இலேயே இதைப் பற்றி எழுதினார். அவர் மகள் அன்னா பிராய்ட் 1936இல் இவற்றை ஒன்றுசேர்த்து விளக்கித் தனிப் புத்தகமே எழுதினார். எல்லோருக்கும் இவை உண்டு, எனக்கும் உண்டு. நோயின் பெயர் அல்ல.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1994இல் வெளியிட்ட மனநோய்களை வகைப்படுத்தும் கையேட்டின் பின்னிணைப்பில், இந்த மூன்றையும் ஒரே படியில் வைத்திருந்தார்கள். மூன்றும் செய்கிற வேலை ஒன்றுதான்: "இது என்னுடையது" என்று ஒப்புக்கொள்ள விடாமல் தடுப்பது. உங்கள் விஷயத்தில் அப்படித் தள்ளி நிற்பது எது என்று பார்த்துக்கொண்டு போவோம்.

முதலில் அந்த டிடிஎஸ். சர்வர் வேலை செய்யவில்லை என்பதை நான் நம்புகிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். வழக்கமாக 5ஆம் தேதியே முடித்துவிடுகிறவர், இந்த முறை மட்டும் ஏன் 7ஆம் தேதி வரை விட்டீர்கள்? 8, 9, 10 தேதிகளில் என்ன நடந்தது? நீங்களே போகிறபோக்கில் எழுதிய ஒரு வரியில் பதில் இருக்கிறது. பட்டியலைப் புது சாப்ட்வேரில் எடுக்க வேண்டியிருந்தது. எப்படி எடுப்பது என்று தெரியவில்லை, யாரிடமும் கேட்கவும் மனம் வரவில்லை. சரிதானே? செயல் நடந்து முடிந்த பிறகு, மதிப்பான ஒரு காரணம் வந்து அதன்மேல் உட்கார்ந்துகொள்வதைத்தான் ரேஷனலைசேஷன் என்கிறார்கள், தமிழில் காரணம் கற்பித்தல். பிராய்டின் சீடர் எர்னஸ்ட் ஜோன்ஸ் 1908இல் இந்தச் சொல்லை உளப்பகுப்பாய்வுக்குள் கொண்டுவந்தார். இதில் பலரும் தவறவிடுகிற ஒன்று உண்டு. அந்தக் காரணம் உண்மையாகவே இருக்கலாம். நடந்தது முழுவதையும் அது விளக்குகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். சர்வர் ஒரு நாளை விளக்குகிறது, மற்ற நாட்களை விளக்கவில்லை.

திறக்காத அந்த மூன்று மெயில்கள் மறுப்பு, அதாவது டினையல். மெயில் வந்தது உங்கள் கண்ணில் படாமல் இல்லை. பெரியவர்களிடம் மறுப்பு பெரும்பாலும் இப்படித்தான் வரும்: பார்த்ததை மறுக்க மாட்டோம், அதற்கு அர்த்தம் இருப்பதை மறுப்போம். அன்னா பிராய்ட் சிறு குழந்தைகளோடு வேலை செய்தவர். குழந்தையிடம் மறுப்பு இயல்பு என்றும், நிஜத்தை எடைபோடத் தெரிந்த வயதில் அதையே பிடித்துக்கொண்டிருந்தால் விலை அதிகம் என்றும் சொன்னார். உங்களுக்கு அந்த விலையில் முதல் தவணை 2,520 ரூபாய்.

இப்போது அந்தப் பெண். இங்கே நான் நிதானமாகத்தான் பேச வேண்டும், அவளை நான் பார்த்ததில்லை. உண்மையிலேயே அவள் உங்கள் இடத்துக்கு ஆசைப்படலாம். புரொஜெக்‌ஷன், அதாவது நம் மனதில் இருப்பதை இன்னொருவர்மேல் ஏற்றிப் பார்ப்பது, வெறும் காற்றில் தொங்குவதில்லை. மாட்டிக்கொள்ள எதிராளியிடம் ஒரு சின்ன ஆணியாவது இருக்கும். உங்களுக்கு அந்த ஆணி, அவள் கையில் இருக்கும் நோட்டு. புதிதாக வந்தவர் குறிப்பு எடுப்பது சாதாரண விஷயம். அதைப் பொறாமை என்று படித்தது உங்கள் மனம். அவள் வேகமாகத் தட்டச்சு செய்வதைப் பார்க்கும்போது உங்களுக்குள் ஏதோ சுருக்கென்று குத்துகிறது என்றால், பொறாமை முதலில் எந்தப் பக்கம் இருந்தது என்று பொறுமையாகக் கேட்டுப் பாருங்கள். அது இருப்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை. 19 வருஷம் கட்டிய பிடி ஒரு மாதத்தில் நழுவினால் யாருக்கும் வரும்.

உண்மையான சந்தேகமா, ஏற்றிப் பார்ப்பதா என்று பிரித்தறிய நான் வருகிறவர்களிடம் ஒரு வேலை சொல்வதுண்டு. இரண்டு வாரத்துக்கு, சந்தேகம் எழும் ஒவ்வொரு முறையும் மூன்று வரி எழுதுங்கள். கண்ணால் கண்டது என்ன, காதால் கேட்டது என்ன என்பது முதல் வரி. அதிலிருந்து நான் முடிவு செய்தது இரண்டாவது. அதற்குச் சரியாக அரை மணி நேரம் முன்னால் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பது மூன்றாவது. அவள் உங்கள் வேலையை முதலாளியிடம் தன் வேலையாகக் காட்டினாள் என்பது போல முதல் வரியில் திடமாக ஏதாவது வந்தால், அது அலுவலகப் பிரச்சினை. மேலாளரிடம் நேரில் பேசுங்கள். முதல் வரி தினமும் "நோட்டில் எழுதினாள்", "சிரித்தாள்" என்றே இருந்து, மூன்றாவது வரியில் அடிக்கடி "சாப்ட்வேரில் மாட்டிக்கொண்டிருந்தேன்" என்று வந்தால், சந்தேகம் எங்கே பிறக்கிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

அது தெரிந்த அன்று கொஞ்சம் வலிக்கும். "இனி என்னால் கற்றுக்கொள்ள முடியாதோ, என்னை வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ" என்ற பயம் நேராக முன்னால் வந்து நிற்கும். மூன்று தற்காப்புகளும் இத்தனை நாள் உங்களைக் காப்பாற்றி வந்தது இதிலிருந்துதான். அதனால்தான் இவற்றை ஒரே வீச்சில் பிய்த்தெறிய எந்த ஆலோசகரும் முயல மாட்டார். உங்கள் மகன் செய்த தவறும் அதுதான். அவன் சொன்னதில் பாதி சரி, சொன்ன விதம் சரியில்லை. தற்காப்பின் பெயரை முகத்துக்கு நேரே சொன்னால், அது இன்னும் இறுகிக்கொள்ளும். இந்தச் சொற்களை நீங்களும் அந்தப் பெண்மேல் பிரயோகித்துவிடாதீர்கள்.

அப்புறம், ஒரு எச்சரிக்கை. அவள் ஒருத்தியோடு நிற்காமல், எல்லோரும் சேர்ந்து சதி செய்கிறார்கள் என்று தோன்ற ஆரம்பித்தால், தூக்கம் வாரக்கணக்கில் கெட்டால், நோட்டு எழுதிக்கொண்டு காத்திருக்க வேண்டாம். மனநல மருத்துவரை நேரில் பாருங்கள்.

மற்றபடி, அடுத்த மாதம் 3ஆம் தேதி அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, "இந்த டிடிஎஸ் பட்டியலை இதில் எப்படி எடுப்பது என்று காட்டும்மா" என்று கேளுங்கள். இந்த முறை நோட்டு உங்கள் கையில் இருக்கட்டும். கேட்க வாயைத் திறக்கும் அந்த நொடியில் மனதில் என்ன ஓடியது என்பதை எனக்கு எழுதுங்கள். அடுத்த கடிதத்தில் அங்கிருந்து தொடர்வோம்.